சிவப்பு மையில் எழுதப்பட்ட பென்சிலின்

"மாற்று மருந்துகள் இத்தனை இருக்கும்போது பென்சிலினைத் தொட்டுக் கையைச் சுட்டுக்கொள்வானேன்?" மருத்துவக் கருத்தரங்குகளிலும் விடுதி உரையாடல்களிலும் இந்தக் கேள்வி ஒரு முதிர்ந்த எச்சரிக்கையின் தொனியில் கேட்கப்படுகிறது. கேட்பவர் பொறுப்புள்ளவராகவும், மறுப்பவர் துடுக்கானவராகவும் தோன்றும்படி அமைந்த கேள்வி அது. அதை மறுப்பதற்காகவே இதை எழுதுகிறேன். தில்லியில் பொதுச் சுகாதாரத் துறையில் ஆய்வு செய்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த சான்றுகளைக் கொண்டே மறுக்கிறேன். மருத்துவம் பயிலும் நண்பர்கள் பிழை கண்டால் திருத்தலாம். "வம்பு எதற்கு" என்பதை மட்டும் வாதமாக ஏற்க இயலாது.

முதலில் ஒரு வேறுபாடு. பென்சிலின் ஒவ்வாமை என்பது ஒரு நோய்நிலை. "பென்சிலின் ஒவ்வாமை" என்று கேஸ் ஷீட்டின் மேல் மூலையில் சிவப்பு மையில் எழுதப்படுவது ஒரு வாசகம். இவ்விரண்டும் ஒன்றல்ல. மேலை நாடுகளின் மருத்துவப் பதிவுகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இந்த வாசகம் ஒட்டியிருக்கிறது. முறையாகச் சோதித்துப் பார்த்தால் அவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் பென்சிலினைத் தீங்கின்றி ஏற்கிறார்கள். அதாவது வாசகம் பெரும்பாலும் பொய். பொய் என்று தெரிந்த பின்னும் அதை அழிக்க எவரும் முன்வராததுதான் என் குற்றச்சாட்டின் சாரம்.

இந்தப் பொய் எங்கிருந்து பிறக்கிறது? பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில். காய்ச்சலும் தொண்டைவலியும் கண்ட குழந்தைக்கு அமாக்சிசிலின் சிரப் கொடுக்கப்படுகிறது. நான்காம் நாள் உடம்பில் செந்நிறப் புள்ளிகள் தோன்றுகின்றன. காய்ச்சலை உண்டாக்கிய வைரஸே அந்தப் புள்ளிகளையும் உண்டாக்கியிருக்கக்கூடும். எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றின்போது அமாக்சிசிலின் கொடுத்தால் பெருவாரியாகத் தடிப்பு வருவது பாடப்புத்தகச் செய்தி. ஆயினும் பழி மருந்தின் தலையில் விழுகிறது. தாயிடம் "இனி இந்த மருந்து இந்தப் பிள்ளைக்கு ஆகாது" என்று சொல்லப்படுகிறது. அந்த ஒற்றை வாக்கியம் அப்பிள்ளையை அறுபது வயது வரை தொடர்கிறது.

மெய்யாகவே ஒவ்வாமை இருந்தவர்களின் கதையும் நிலையானது அன்று. உடனடி ஒவ்வாமைக்குக் காரணமான ஐஜிஈ எதிர்ப்புப்புரதம், மருந்தின் தொடர்பு விட்டுப்போனால் காலப்போக்கில் குறைகிறது. பத்தாண்டுகள் கழிந்தபின் அத்தகையோரில் சுமார் 80 விழுக்காட்டினர் பென்சிலினை மறுபடி ஏற்கும் நிலைக்கு வந்துவிடுகின்றனர். உடல் மறந்துவிட்டதைக் கோப்பு மறப்பதில்லை.

"அழியாவிட்டால் என்ன நட்டம்?" என்பார்கள். பிரிட்டனின் பொதுமருத்துவர் பதிவுகளை ஆராய்ந்து 2018இல் பிஎம்ஜே இதழில் வெளிவந்த ஆய்வு ஒன்றை இங்கே நினைவூட்ட வேண்டும். பென்சிலின் ஒவ்வாமை வாசகம் உடையவர்களுக்கு, அது இல்லாத ஒத்த பிறரைக் காட்டிலும், மெதிசிலினுக்கு அடங்காத ஸ்டஃபிலோகாக்கஸ் தொற்றின் அபாயம் 69 விழுக்காடும், குடலைத் தாக்கும் குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் தொற்றின் அபாயம் 26 விழுக்காடும் கூடுதலாக இருந்தன. மாற்று மருந்துகளின் பரவலான பயன்பாடே இதன் கணிசமான பகுதிக்குக் காரணம் என்பது ஆய்வாளர்களின் முடிவு. ஆக, "மாற்று மருந்து" என்பது இலவசமாகக் கிடைக்கும் பாதுகாப்பு அன்று.

நம் நாட்டில் இந்த நட்டத்திற்கு இன்னொரு முகமும் உண்டு. வெளிநாட்டுக் கட்டுரைகள் அதைப் பேசுவதில்லை. பென்சிலின் ஆகாதென்று எழுதப்பட்ட ஒருவருக்கு நெஞ்சுச் சளியும் காய்ச்சலும் வந்தால் கைக்கு எளிதில் எட்டுவது லெவோஃப்ளாக்சசின் போன்ற ஃப்ளூரோகுவினலோன் மருந்துகள். அவை காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கக் கூடியவை. நோயாளிக்கு அரைகுறையாகத் தேறுகிறது. சளிச் சோதனை தள்ளிப்போகிறது. காசநோய் கண்டறியப்படத் தாமதமாகிறது. அக்கிருமி அம்மருந்துக்குப் பழகியும் விடலாம். காசநோய்ச் சுமையில் உலகில் முதலிடத்தில் இருக்கும் ஒரு நாட்டில், ஒரு குழந்தையின் பழைய தடிப்புக்குக் கொடுக்கப்படும் விலை இது.

இனி மருந்துக்கு வருவோம். கேஸ் ஷீட்டின் வாசகத்தை அழிக்கும் முறை புதிரானது அன்று. தகுதியுள்ள நோயாளிக்கு, மருத்துவக் கண்காணிப்பில், ஒரு வேளை அமாக்சிசிலின் மாத்திரையை வாய்வழியே கொடுத்து, ஒரு மணி நேரம் பார்த்திருப்பது. அவ்வளவே. இதன் எளிமையே இதற்கு எதிரியாகிவிட்டது என்று சில சமயம் தோன்றுகிறது. ஊசியும் சாயமும் கருவியும் இல்லாத ஒன்றைச் சோதனை என்று மதிக்க நமக்கு மனம் வருவதில்லை.

தகுதி என்ற சொல்லை அழுத்திச் சொன்னேன். அங்கேதான் அறிவு தேவைப்படுகிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட பென்-ஃபாஸ்ட் என்னும் மதிப்பெண் முறை மூன்றே கேள்விகளால் ஆனது. எதிர்வினை நிகழ்ந்து ஐந்து ஆண்டுகளுக்குள் இருந்தால் இரண்டு மதிப்பெண். எதிர்வினை அனஃபிலாக்சிஸாகவோ, முகம் உதடு வீங்கும் ஆஞ்சியோஎடிமாவாகவோ, கடுமையான தோல் எதிர்வினையாகவோ இருந்திருந்தால் இரண்டு. அதற்கு மருத்துவம் தேவைப்பட்டிருந்தால் ஒன்று. கூட்டினால் மூன்றுக்குக் கீழே வருபவர் குறைந்த அபாயத்தினர். சுழியமாயின் மெய்யான ஒவ்வாமைக்கான வாய்ப்பு ஒரு விழுக்காட்டுக்கும் கீழ். ஒன்றோ இரண்டோ ஆயின் சுமார் ஐந்து விழுக்காடு. மூன்றாயின் அது 20 விழுக்காடாக உயர்கிறது. நான்கும் ஐந்தும் ஐம்பதைத் தொடுகின்றன. மூன்றும் அதற்கு மேலும் பெற்றவர்கள் நேராக மாத்திரைக்கு வரக் கூடாது. ஒவ்வாமை வல்லுநரிடம், தோல் சோதனைக்குச் செல்ல வேண்டும்.

நம் சூழலில் இந்த முறையின் பலவீனம் அதன் மூன்றாம் கேள்வியிலோ இரண்டாம் கேள்வியிலோ இல்லை. நோயாளியின் நினைவில் இருக்கிறது. "எப்போது?" என்றால் "சின்ன வயதில்" என்பார். "என்ன மருந்து?" என்றால் "ஏதோ ஊசி" என்பார். சிறு ஊர்களில் ஒரே சிரிஞ்சில் இரண்டு மூன்று மருந்து கலந்து போடப்பட்ட காலம் ஒன்றிருந்தது. எது குற்றவாளி என்று எவருக்கும் தெரியாது. மதிப்பெண் முறையின் விதி இங்கே தெளிவு: காலம் தெரியாவிட்டால் அண்மையில் நடந்ததாகவும், மருத்துவம் செய்தார்களா என்று தெரியாவிட்டால் செய்ததாகவும் கொள்ள வேண்டும். அறியாமையை நோயாளிக்குப் பாதுகாப்பான பக்கம் சாய்த்துக் கணக்கிடும் இந்தக் கண்டிப்பை, மதிப்பெண் போடும் அவசரத்தில் கைவிடுவோர் உண்டு. அவர்கள் கையில் இம்முறை ஆபத்தாகும்.

"ஊசி போட்டதும் மயங்கி விழுந்தேன்" என்பது நம் நாட்டில் அடிக்கடி கேட்கும் இன்னொரு வரலாறு. இதைக் கேட்டதும் அனஃபிலாக்சிஸ் என்று எழுதிவிடுவது சோம்பல். வெளிறிப்போய், நாடி மெதுவாகி, படுக்க வைத்ததும் சில நிமிடங்களில் தெளிந்தாரா? அது ஊசியின் வலிக்கும் அச்சத்துக்கும் உடல் காட்டும் வேகல் மயக்கம். நாடி வேகமாகி, உடல் சிவந்து அரித்து, காணாக்கடி எழும்பி, மூச்சுத் திணறினாரா? அது வேறு. இந்த வேறுபாட்டைக் கண்டறிய வேண்டியது ஒரு பத்து நிமிடப் பேச்சு மட்டுமே. அந்தப் பத்து நிமிடம் நம் வெளிநோயாளர் பிரிவுகளில் மலிவாகக் கிடைப்பதில்லை என்பதை அறிவேன்.

மதிப்பெண் எதுவாயினும், எந்தச் சோதனைக்கும் உட்படுத்தக் கூடாதவர்கள் ஒரு சாரார் இருக்கிறார்கள். மருந்துக்குப்பின் தோல் கொப்புளித்து உரிந்து, வாயும் கண்ணும் புண்ணாகும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய்த்தொகுதி கண்டவர். இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல், முக வீக்கம், நெறிக்கட்டு, கல்லீரல் பாதிப்பு என்று வந்தவர். மருந்தால் இரத்தச் சிவப்பணு சிதைந்தவர், சிறுநீரக அழற்சி கண்டவர். இவை ஐஜிஈயின் வேலையல்ல. காலம் கடந்தால் ஆறிவிடும் என்ற கணக்கு இவற்றுக்குப் பொருந்தாது. ஒரே ஒரு மாத்திரையும் இவர்களுக்குக் கொடுக்கத் தகாதது. வாசகத்தை அழிக்க வேண்டும் என்று வாதிடும் நானே, இவர்களுடைய கோப்பில் அது இன்னும் தடித்த எழுத்தில், என்ன மருந்து, என்ன நேர்ந்தது என்ற விவரத்துடன் இருக்க வேண்டும் என்பேன்.

தகுதியிருந்தும் அன்றைக்குத் தள்ளிப்போட வேண்டியவர்களும் உண்டு. ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதவர், காய்ச்சலில் இருப்பவர், உடம்பில் ஏற்கெனவே அரிப்புத் தடிப்பு உள்ளவர். பீட்டா பிளாக்கர் மாத்திரை உண்பவரைப் பற்றித் தனியே யோசிக்க வேண்டும். ஏனெனில் விபரீதம் நேர்ந்தால் அட்ரினலின் அவரிடம் முழுமையாக வேலை செய்யாமற் போகலாம்.

இனி ஒருவரை எடுத்துக்கொண்டு தொடக்கம் முதல் முடிவு வரை பார்ப்போம். வாதத்திற்காக நான் அமைத்துக்கொண்ட ஒருவர். ஆனால் இவரைப் போன்றவர் நம் ஒவ்வொரு பல்கலைக்கழக விடுதியிலும் நாலைந்து பேர் இருப்பார்கள். வயது 29. முனைவர் பட்ட மாணவி. ஆண்டுக்கு இருமுறை டான்சில் அழற்சி வருகிறது. கோப்பில் பென்சிலின் ஒவ்வாமை என்றிருப்பதால் ஒவ்வொரு முறையும் அசித்ரோமைசின் தரப்படுகிறது. அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டபோது கிடைத்த வரலாறு: ஆறு வயதில் தொண்டைவலிக்கு மஞ்சள் நிறச் சிரப் கொடுத்தார்கள், ஐந்தாம் நாள் மார்பிலும் முதுகிலும் சிவப்புப் புள்ளி, மூச்சுத் திணறல் இல்லை, முகம் வீங்கவில்லை, கொப்புளம் இல்லை, மருத்துவர் வேறொரு சிரப் எழுதித் தந்தார், மூன்று நாளில் மறைந்தது.

மதிப்பெண் போடுவோம். நிகழ்ந்து 23 ஆண்டுகள், சுழியம். கடுமையான அறிகுறி இல்லை, சுழியம். வேறொரு சிரப் தரப்பட்டது. அது என்னவென்று தெரியாது, ஆகவே மருத்துவம் தேவைப்பட்டதாகக் கொண்டு ஒன்று. கூட்டுத்தொகை ஒன்று. இவர் நேராக வாய்வழிச் சோதனைக்கு உரியவர்.

சோதனைக்குச் சில நாள் முன்பிருந்தே செட்ரிசின் போன்ற ஒவ்வாமை எதிர்ப்பு மாத்திரைகளை நிறுத்தியிருக்க வேண்டும்; இல்லையேல் எழ வேண்டிய தடிப்பை அவை மறைத்துவிடும். சளிக்கென்று கடையில் வாங்கும் கூட்டு மாத்திரைகளிலும் அவை ஒளிந்திருப்பதால், "அலர்ஜி மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால் போதாது, அந்த வாரம் விழுங்கிய ஒவ்வொன்றையும் கேட்க வேண்டும். அன்று காலை என்ன நடக்கும், என்ன நேரலாம் என்பதை அவருடைய மொழியில் விளக்கி ஒப்புதல் பெறுகிறார்கள். இரத்த அழுத்தம், நாடி, இரத்தத்தின் ஆக்சிஜன் அளவு குறிக்கப்படுகின்றன. தோல் முழுவதும் பார்க்கப்படுகிறது. இதைச் சடங்கென்று எண்ணிவிடக் கூடாது: கழுத்தில் பழைய கொசுக்கடி இரண்டு இருந்தால் அவற்றை முன்கூட்டியே எழுதி வைத்தால்தான் அரை மணி கழித்து அவை மருந்தின் வேலையாகத் திரிந்து போகாமல் இருக்கும். மேசைமேல் அட்ரினலின் ஆம்பூல், சிரிஞ்ச், ஆக்சிஜன், சலைன், செட்ரிசின்.

பிறகு 500 மில்லிகிராம் அமாக்சிசிலின் காப்ஸ்யூல் ஒன்று, ஒரு குவளைத் தண்ணீருடன். சில மையங்களில் 250 மில்லிகிராம் போதுமென்பார்கள். மருத்துவருக்கோ நோயாளிக்கோ தயக்கமிருந்தால் முதலில் பத்தில் ஒரு பங்கு, அரை மணி கழித்து மிச்சம் என்று இரு படியாகவும் தரலாம். அதன்பின் ஒரு மணி நேரம் அவர் அந்த இருக்கையை விட்டு நகரக் கூடாது. அவர் கண்ணெதிரே ஒரு செவிலியரும், அழைத்தால் வரும் தொலைவில் மருத்துவரும் இருக்க வேண்டும்.

இருபதாம் நிமிடத்தில் அவர், "கழுத்து அரிக்கிறது, தொண்டையில் ஏதோ அடைப்பது போலிருக்கிறது" என்கிறார். சோதனையின் மிக நுண்ணிய தருணம் இதுதான். இங்கே கலங்கும் மருத்துவர் தம் கையாலேயே ஒரு புதிய பொய்யைக் கோப்பில் எழுதிவிடுவார். இருபத்து மூன்று ஆண்டுகள் "இது உனக்கு விஷம்" என்று கேட்டு வளர்ந்தவர், அதை விழுங்கிவிட்டு அமர்ந்திருக்கிறார். அவருக்குத் தொண்டை அடைக்காமலிருந்தால்தான் வியப்பு. எனவே அவர் சொல்வதைப் பொய்யென்று தள்ளாமலும், மெய்யென்று ஓடாமலும், பார்க்க வேண்டும். கழுத்தில் புதிய தடிப்பு உண்டா, பழைய கொசுக்கடி மட்டுமா? குரல் கரகரக்கிறதா? மூச்சில் விசிலொலி உண்டா? உதடு வீங்கியிருக்கிறதா? அழுத்தமும் நாடியும் தொடக்க அளவிலிருந்து எவ்வளவு விலகியுள்ளன? கண்ணால் காணக்கூடிய, கருவியால் அளக்கக்கூடிய மாற்றம் ஏதுமில்லை. செவிலியர் அருகில் அமர்ந்து பேசிக்கொண்டிருக்கிறார். பத்து நிமிடம் கழித்து மீண்டும் அளக்கிறார். அரிப்பு போய்விட்டது. சோதனை தொடர்கிறது. சில மையங்கள் அச்சம் மிகுந்த நோயாளிக்கு முதலில் மருந்தில்லாத போலி மாத்திரை ஒன்றைக் கொடுப்பது இந்தத் தருணத்தை முன்னதாகவே கடந்துவிடத்தான்.

மாறாக, முப்பதாம் நிமிடத்தில் இரு கைகளிலும் வெளிறிய மேடுகளாகக் காணாக்கடி எழும்பியிருந்தால்? சோதனை அங்கேயே நிற்கும். செட்ரிசின் கொடுத்து இன்னும் சில மணி நேரம் வைத்திருப்பார்கள். ஒவ்வாமை மெய்யென்று இப்போது தேதியுடனும் அளவுடனும் தெரியும். ஆறு வயதுத் தடிப்பைக் காட்டிலும் எவ்வளவோ மதிப்புள்ள அறிவு அது. மூச்சுத் திணறலோ, அழுத்தம் சரிவதோ, தடிப்புடன் வாந்தியோ சேர்ந்தால் அது அனஃபிலாக்சிஸ். தொடையின் வெளிப்புறத் தசையில் 0.5 மில்லிகிராம் அட்ரினலின், தாமதமின்றி. நம் மருத்துவமனைகளில் இங்கே கை முதலில் ஸ்டீராய்டுக்கும் ஏவிலுக்கும் நீளுவதைப் பார்க்கலாம். அவை பிறகு வரலாம். உயிரைக் காப்பது அட்ரினலின்.

நம் மாணவிக்கு அப்படி ஏதும் நேரவில்லை. அறுபதாம் நிமிடம் மீண்டும் அளவீடுகள், தோல் தெளிவு, வீட்டுக்குப் போகலாம். ஆனால் சோதனை இன்னும் முடியவில்லை. அவருடைய பழைய தடிப்பு ஐந்தாம் நாள் வந்தது. அத்தகைய தாமத எதிர்வினையை ஒரு மணி நேரம் காட்டாது. எனவே ஒரு தொலைபேசி எண்ணைக் கொடுத்து, அடுத்த சில நாட்களில் தடிப்பு கண்டால் படமெடுத்து அனுப்பச் சொல்கிறார்கள். வாரக் கடைசியில் அவர்களே அழைத்துக் கேட்கிறார்கள். தாமதமாக வரும் தடிப்பு பெரும்பாலும் லேசானது, தானே ஆறுவது. இத்தகைய வரலாறு உடையவர்களுக்கு மூன்று முதல் ஐந்து நாள் வரை மாத்திரையைத் தொடரச் சொல்லும் மையங்களும் உண்டு. ஒரு வேளையே போதும் என்போரும் உண்டு. இதில் வல்லுநர்களிடையே ஒருமித்த கருத்தில்லை.

இங்கே வேதியியல் படித்தவர்கள் ஒரு கேள்வி எழுப்புவார்கள்: அமாக்சிசிலினைச் சோதித்துவிட்டுப் பென்சிலின் முழுமைக்கும் தீர்ப்பு வழங்கலாமா? பெருமளவுக்கு வழங்கலாம். பென்சிலின்கள் அனைத்துக்கும் பொதுவான பீட்டா-லாக்டம் கருவும் அமாக்சிசிலினில் இருக்கிறது. அதற்கே உரிய பக்கச்சங்கிலியும் இருக்கிறது. இரண்டையும் உடல் ஏற்றால் பென்சிலின் ஜியையும் ஏற்கும். ஆனால் ஒரு விலக்கு. முதலில் தொல்லை தந்தது அமாக்சிசிலின்-கிளாவுலனேட் கூட்டு மாத்திரையாக இருந்தால், குற்றவாளி கிளாவுலனேட்டாகவும் இருக்கலாம். அப்போது அக்கூட்டு மாத்திரையாலேயே சோதிக்க வேண்டும். அந்தக் கூட்டு மாத்திரை மருந்துக்கடைகளில் சர்வசாதாரணமாக விற்கும் நம் நாட்டில் இந்த விலக்கு சிறியதன்று.

"இதெல்லாம் சரி, ஆபத்தில்லையா?" சான்றைப் பாருங்கள். அமெரிக்காவின் சான் டியேகோவில் கடற்படைக் காலாட்படைக்குப் புதிதாகச் சேர்ந்தோரில், குறைந்த அபாய வரலாறுடைய 328 பேருக்குத் தோல் சோதனை ஏதுமின்றி 250 மில்லிகிராம் அமாக்சிசிலின் கொடுத்துப் பார்த்தார்கள். எதிர்வினை கண்டவர் ஐவர். 2017இல் வெளிவந்த செய்தி இது. அடுத்து 2023இல் வெளிவந்த பேலஸ் ஆய்வு: வட அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலுமாக, மூன்றுக்குக் கீழ் மதிப்பெண் பெற்ற 382 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு சாராருக்கு நேராக மாத்திரை. மறு சாராருக்கு முதலில் தோல் சோதனை, பின்பு மாத்திரை. ஒரு மணி நேரத்துக்குள் எதிர்வினை கண்டவர் இரு பக்கமும் தலைக்கு ஒருவரே. குறைந்த அபாயத்தினருக்குத் தோல் சோதனை எதையும் கூட்டித் தரவில்லை என்பதே இதன் பொருள். குழந்தைகளைப் பொறுத்தவரை மாண்ட்ரியலில் 818 குழந்தைகளைச் சோதித்த 2016ஆம் ஆண்டு ஆய்வில் 94 விழுக்காட்டினர் மருந்தை ஏற்றனர்.

இதை "வெளிநாட்டுத் துணிச்சல்" என்று ஒதுக்குபவர்களிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. நம் வார்டுகளில் ஒவ்வொரு நாளும் நடக்கும் "டெஸ்ட் டோஸ்" என்ன? நரம்பில் ஏற்றவிருக்கும் அதே மருந்தைக் கண்மதிப்பில் கலக்கி, முன்கையின் தோலுக்குள் 0.1 மில்லி குத்தி, பேனாவால் வட்டம் போட்டு, சிவந்தால் "ஆகாது", சிவக்காவிட்டால் "ஆகும்". ஒவ்வாமை இருந்ததாக எந்த வரலாறும் இல்லாதவருக்கும் இது செய்யப்படுகிறது. முறையான தோல் சோதனையில் முதலில் மேலோட்டமான குத்தல், அதன்பின் தோலுக்குள் 0.02 முதல் 0.05 மில்லி, அளந்த செறிவில்; பக்கத்தில் வெறும் சலைன் ஒன்று, ஹிஸ்டமின் ஒன்று, ஒப்பிட்டுப் பார்க்க. சலைன் இல்லாமல், சிவந்தது மருந்தாலா, குத்தியதாலா என்று எப்படி அறிவது? செறிவு மிகுந்த மருந்து எவர் தோலையும் எரிச்சலூட்டிச் சிவக்க வைக்கும். இவ்வாறு, சோதிக்க வேண்டாதவரைச் சோதித்து, சோதனையைப் பிழையாகச் செய்து, பிழையான விடையைச் சிவப்பு மையில் எழுதும் ஒரு நிறுவனம், சான்றுள்ள எளிய சோதனையை ஆபத்தென்று மறுக்கிறது. தோலுக்குள் குத்துவதும் உடலுக்குள் செலுத்துவதே; ஆபத்து அதிலும் உண்டு. அந்த நேரத்தில் அட்ரினலின் மேசைமேல் இருக்கிறதா என்று யாரேனும் பார்ப்பதுண்டா?

வழக்குக்கு அஞ்சுகிறோம் என்பது இதற்குக் கிடைக்கும் நேர்மையான பதில். டெஸ்ட் டோஸ் போட்டதாகக் குறிப்பிருந்தால் நீதிமன்றத்தில் தப்பலாம் என்பது வார்டுகளின் நம்பிக்கை. இந்த அச்சத்தை நான் ஏளனம் செய்யவில்லை. ஆனால் அது நோயாளியின் பாதுகாப்பைப் பற்றிய வாதமாக மாறுவேடம் பூண்டு வருவதை ஏற்க முடியாது. வரலாறு, மதிப்பெண், ஒப்புதல், அளவீடுகள், நேரம் ஆகியவை பதிவான ஒரு வாய்வழிச் சோதனைத் தாள், பேனா வட்டத்தைவிட எந்த மன்றத்திலும் வலுவான ஆவணமாகவே இருக்கும் என்று எண்ணுகிறேன்.

வாதம் வலுவிழக்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். ருமாட்டிக் இதய நோயாளிகள். மூன்று வாரத்துக்கொரு முறை பென்சத்தீன் பென்சிலின் ஊசி இவர்களுக்கு வால்வைக் காக்கும் கவசம். ஒவ்வாமை வாசகம் விழுந்தால் அதற்குப் பதில் நாள்தோறும் எரித்ரோமைசின் மாத்திரை, பலர் நடுவில் விட்டுவிடுவர். ஆகவே வாசகத்தை அழிப்பதால் மிகுதியும் பயன்பெறுவோர் இவர்களே. ஆயினும் வால்வு மிக மோசமாகி, மூச்சிரைப்புடன் இருப்பவரை வெளிநோயாளர் பிரிவின் நாற்காலியில் அமர்த்திச் சோதிக்கக் கூடாது. சிறிய எதிர்வினையையும் அந்த இதயம் தாங்காது. அமெரிக்க இதயச் சங்கம் 2022இல் வெளியிட்ட அறிவுரை ஒன்று, இத்தகையோருக்கு ஊசியை அடுத்து நேர்ந்த மரணங்கள் பல அனஃபிலாக்சிஸ் அல்ல, தளர்ந்த இதயம் நிலைகுலைந்ததன் விளைவாகவே இருக்கலாம் என்று கூறி, அவர்களுக்கு வாய்வழிப் பென்சிலினைப் பரிந்துரைத்தது. ஊசிக்குப்பின் நிகழ்ந்த மரணமெல்லாம் ஒவ்வாமைக் கணக்கில் எழுதப்பட்டதால், எத்தனை பேருக்கு ஊசி மறுக்கப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

நடைமுறையில் எனக்கிருக்கும் கோரிக்கை சிறியது. மருத்துவக் கல்லூரிகளோடு இணைந்த பல்கலைக்கழகங்களின் சுகாதார மையங்களில், வாரத்தில் ஒரு காலை, மேற்சொன்ன இருக்கையும் மேசையும் செவிலியரும் அழைத்தால் வரும் மருத்துவரும். மருந்தின் செலவு ஒரு காப்ஸ்யூல். சேர்க்கையின்போது நிரப்பும் சுகாதாரப் படிவத்தில் "மருந்து ஒவ்வாமை உண்டா?" என்ற ஒற்றைக் கட்டத்தை எடுத்துவிட்டு, எந்த மருந்து, எந்த ஆண்டு, என்ன அறிகுறி, என்ன மருத்துவம் என்ற நான்கு வரிகளைச் சேர்த்தால் தகுதியுள்ளவர்கள் தாமே வெளிப்படுவார்கள்.

கடைசியில் ஒரு காகிதத்தைப் பற்றி. சோதனையில் தேறியவர்கள் சில ஆண்டுகளில் மீண்டும் அதே வாசகத்தோடு திரும்பி வருவது இத்துறையில் நன்கறிந்த சங்கடம். வேறொரு மருத்துவமனையில் பழைய கோப்பைப் பார்த்து மறுபடி எழுதிவிடுகிறார்கள். அல்லது அம்மா பக்கத்தில் நின்று "இவளுக்குப் பென்சிலின் ஆகாதுங்க" என்று சொல்லிவிடுகிறார். ஆகவே நம் மாணவியின் கையில் தேதி, மருந்து, அளவு, விளைவு எழுதிய கடிதம் ஒன்று இருக்க வேண்டும். கோப்பின் சிவப்பு வாசகம் கையொப்பத்துடன் அடிக்கப்பட வேண்டும். கணினிப் பதிவிலும் நீக்கப்பட வேண்டும். அம்மாவுக்கும் ஒரு தொலைபேசி அழைப்பு போக வேண்டும், இம்முறை மருத்துவரிடமிருந்து.